பக்கேஜோ தனித்தனியோ, கூறை மாத்தி முடியும் வரைக்கும் கணக்கு எழுதிப் பாருங்க

"அக்கா, எங்கட தங்கச்சிக்கு ஆவணியில கலியாணம். வீடு நிலாவெளி, ஹோல் திருகோணமலை டவுனில. ஒரு பாலர்ல பிரைடல் பக்கேஜ் 85,000 எண்டு சொல்றாங்க, ட்ரயல் ஃப்ரீயாம், ரெண்டு ஃபேஷியல், நகை செட் எல்லாம் உள்ளுக்குத்தானாம். வீட்டில இருந்து செய்யுற இன்னொரு அக்கா ட்ரெஸ்ஸிங்குக்கு மட்டும் 42,000, கூறை மாத்தும் வரைக்கும் நிப்பாவாம், ஆனா ட்ரயலுக்கு 7,500 வேற, நிலாவெளிக்கு வந்து போக 6,000 வேற எண்டுறா. அம்மா பக்கேஜ்தான் லாபம் எண்டு நிக்கிறா. எது உண்மையில லாபம்?"

நான் ஏழு வருஷம் டவுனில ஒரு பாலர்ல நிண்டனான், இப்ப வீட்டில இருந்துதான் செய்யுறன், அதால ரெண்டு பக்கத்துக் கணக்கும் தெரியும். இப்ப நீங்க வச்சிருக்கிற ரெண்டு விலையும் ஒரே சாமானுக்கான விலை இல்லை. 85,000க்குள்ள தங்கச்சிக்குத் தேவையில்லாதது கொஞ்சம் இருக்கும், தேவையான ஒண்டு ரெண்டு இருக்காது. மற்ற அக்காட விலையில முகத்துக்கும் கை காலுக்கும் முன்கூட்டிச் செய்யுற வேலை ஒண்டுமே இல்லை. ரெண்டையும் ஒரே நிறையில தூக்கிப் பாத்தாத்தான் விளங்கும்.

முதல்ல பக்கேஜை உடைச்சுப் பாருங்க. அந்தப் பாலரிட்டயே "இது ஒவ்வொண்டையும் தனியா எடுத்தா எவ்வளவு" எண்டு கேட்டு ஒரு பேப்பரில எழுதுங்க. அவங்கட ரேட் என்னட்ட இல்லை, அதால சும்மா ஒரு ரேட்டை வச்சு கணக்கை காட்டுறன், நீங்க அவங்கட இலக்கத்தைப் போட்டு மாத்துங்க. பொம்பிளை ட்ரெஸ்ஸிங் 45,000, ஃபேஷியல் ஒண்டு 7,500 படி ரெண்டுக்கு 15,000, கை கால் மெனிக்யூர் பெடிக்யூர் 6,500, வக்ஸிங் 6,000, புருவத்துக்கு 500, தலைமயிர் ட்ரீட்மென்ட் 9,000, மருதோண்டி 6,000, நகை செட் வாடகை 12,000, ட்ரயல் 10,000. கூட்டினா 110,000 வரும். இதைத்தான் பாலர்க்காரர் அம்மாவுக்குச் சொல்லியிருப்பினம், ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துச் சாமான் எண்பத்தஞ்சாயிரத்துக்கு, இருபத்தஞ்சாயிரம் மிச்சம் எண்டு. அம்மாவும் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா.

இனி தங்கச்சி எடுக்கமாட்டாத சாமானை வெட்டுங்க. எங்கட ஆக்கள் பொம்பிளைக்கு சொந்தத் தங்கம்தான் போடுவினம், அப்ப வாடகை செட் என்னத்துக்கு, நெத்திச்சுட்டியும் ஒட்டியாணமும் மட்டும் வேணுமெண்டா அதைத் தனியா எடுக்கலாம். மருதோண்டி போட ஒரு மச்சாளோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ கட்டாயம் இருக்கும். தலைமயிர் ட்ரீட்மென்ட் எண்டுறது, அண்டைக்கு முடி பின்னி பூவும் சடைநாகமும் வச்சு மூடினா ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லை. ஃபேஷியல் ஒண்டு காணும். 12,000, 6,000, 9,000, 7,500, மொத்தம் 34,500 வெட்டுப்படுது. 110,000இல இருந்து கழிச்சா தங்கச்சிக்குத் தேவையானது 75,500க்குத்தான். அதே பாலர்ல, அதே கையால, அதே ரேட்டில. அப்ப பக்கேஜ் லாபம் இல்லை, 9,500 நட்டம்.

ஆனா கதை இதோட முடியேல்லை, ஏனெண்டா பக்கேஜில இல்லாததையும் கூட்டவேணும், இதில கூடப்பேர் அடிபடுறது கூறையிலதான்.

"ட்ரெஸ்ஸிங்" எண்டு பாலர்க்காரர் சொன்னா அவங்கட மனசில ஒரு சாரி, ஒரு மேக்கப், ஒரு தலை. விடிய வந்து கட்டிவிட்டு, ஃபோட்டோ எடுக்கேக்க ஒரு தரம் சரிபாத்துவிட்டு, சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம். எங்கட கலியாணத்தில அந்த முதல் சாரி மணவறைக்கு வரும் வரைக்கும்தானே. பிறகு தட்டத்தில கூறையும் தாலியும் சபைக்குள்ள ஆசிக்குப் போய் வந்து, மாப்பிளை கையால கூறை குடுத்து, பொம்பிளை உள்ளுக்குப் போய் அதைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தாத்தான் தாலி ஏறும். அந்த இடைவெளி கால் மணித்தியாலம், மிஞ்சினா இருபது நிமிஷம். ஐயர் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருப்பார், மாப்பிளை மணவறையில தனிய இருப்பார், சுபமுகூர்த்தம் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளுக்கு பொம்பிளையின்ட கழுத்தில இருக்கிற மாலையைக் கழட்டி, தோளில குத்தியிருக்கிற பின்னெல்லாம் சட்டை கிழியாம எடுத்து, ஒட்டியாணத்தைக் கழட்டி, தலையில பூ நசியாம ஒரு கனத்த பட்டுச்சாரியை புதுசாக் கட்டவேணும். இதை அத்தை சித்தி செய்யலாம் எண்டு நினைக்கிறாங்க, செய்யலாம்தான், ஆனா கை நடுங்கும்.

நான் வேலை செய்த பாலர்லயே நடந்தது இது. ஒரே முகூர்த்த நாள், மூண்டு பொம்பிளை புக்கிங். பெரிய மேடம் முதல் பொம்பிளையைக் கட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிற்றா, பக்கேஜில கூறை மாத்துறது எண்டு எழுதியிருக்கேல்லை, அவ பக்கத்தில பிழையும் சொல்ல ஏலாது. கூறை வந்த நேரம் உள்ளுக்கு நிண்டது பொம்பிளையின்ட பெரியம்மாவும் சாமான் எடுக்கத் திரும்பி வந்த நானும்தான். எனக்கு அப்ப வேலைக்கு வந்து நாலு மாசம்கூட இல்லை. உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாம கொசுவத்தைச் சொருகிற்றம், நாலு எட்டு நடக்க முன்பக்கம் கீழ இறங்கிற்று. அந்தப் பிள்ளை தாலி கட்டி முடியும் வரைக்கும் ஒரு கையால கொசுவத்தைப் பிடிச்சுக்கொண்டேதான் இருந்தவ, வீடியோவில நல்லாத் தெரியும். அதுக்குப் பிறகு நான் ஆரோட விலை பேசினாலும் முதல் சொல்லுறது கூறையைத்தான்.

அதால அந்தப் பாலரிட்ட நேரடியாக் கேளுங்க, கூறை மாத்தும் வரைக்கும் ஆள் நிக்குமோ, நிண்டா எவ்வளவு, நிக்கிறது மேடமோ உதவிக்கு வாற பிள்ளையோ. உதவிப் பிள்ளை நிண்டாலும் பரவாயில்லை, அவ கூறை கட்டிப் பழகினவவா இருந்தா காணும். இன்னொண்டு, கூறையை முன்னமே வாங்கி சட்டை தைக்கிறதுதானே, அப்ப கொசுவத்தை முதல் நாளே பிடிச்சு அயர்ன் பண்ணி, பின் குத்தி, திரும்ப மடிச்சுத் தட்டத்தில வைக்கலாம். வெளியில பாக்க மடிச்ச சாரி மாதிரித்தான் கிடக்கும், உள்ளுக்குக் கட்ட அஞ்சு ஆறு நிமிஷம் போதும். சில மாப்பிளை வீட்டுப் பெரியாக்கள் கூறையை மடிப்புக் கலைக்கக்கூடாது எண்டு நிப்பினம், அதால இதை பாலர்க்காரரோட பேச முதல் சம்பந்தி வீட்டோட பேசுங்க. அவை ஓம் எண்டா நிக்கிற காசைக் குறைச்சுப் பேசவும் உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

கூறைக்கு நிக்க 8,000, அம்மாவுக்கு சாரியும் தலையும் 6,000, நிலாவெளிப் பயணம் 6,000 எண்டு வச்சா, 85,000 எண்டு சொன்ன பக்கேஜ் 105,000இல வந்து நிக்குது.

மற்ற அக்காவுக்கு வருவம். 42,000, ட்ரயல் 7,500, பயணம் 6,000, கூட்டினா 55,500. இதைப் பாத்துத்தான் உங்களுக்கு இது மலிவு எண்டு படுது, ஆனா இதில முகத்துக்கு ஒரு வேலையும் நடக்கேல்லை. டவுனில ஒரு சின்னப் பாலர்ல ஒரு ஃபேஷியல், கை கால், வக்ஸிங், புருவம் எல்லாம் ஒரு 16,000க்குள்ள முடிக்கலாம். அம்மாவுக்கு 5,000. அப்ப 76,500. 105,000க்கும் 76,500க்கும்தான் உண்மையான ஒப்பீடு.

ட்ரயல் ஃப்ரீ எண்டதில ஒரு விஷயம் இருக்கு. ஃப்ரீ ட்ரயல் எப்ப கிடைக்கும் எண்டு கேளுங்க. அட்வான்ஸ் கட்டின பிறகுதான் எண்டுவினம். அப்ப 40,000 கட்டிப்போட்டு முகத்தைக் கண்ணாடியில பாத்து பிடிக்கேல்லை எண்டா என்ன செய்வீங்க, அட்வான்ஸ் திரும்ப வராது. காசு குடுத்துச் செய்யுற ட்ரயலில அந்தப் பிரச்சினை இல்லை, 7,500 குடுத்திற்று "யோசிச்சுச் சொல்றம்" எண்டு எழும்பி வரலாம். கன பேர் புக் பண்ணினா ட்ரயல் காசைக் கடைசிக் கணக்கில கழிப்பினம், மற்ற அக்காட்ட அதையும் கேளுங்க, வாய் திறந்து கேட்டாத்தான் கழிப்பினம்.

ட்ரயலை எப்ப வைக்கிறது எண்டா ஆடியில வைங்க. ஆடியில கலியாணம் இல்லை, பாலர் எல்லாம் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பினம், உங்களுக்கு ஆறுதலா ரெண்டு மணித்தியாலம் ஒதுக்குவினம், விலையும் இறங்கிப் பேசுவினம். அதைவிட முக்கியம், கச்சான் காத்தும் வெயிலும் ஆடியிலயும் ஆவணியிலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான், மேக்கப் எவ்வளவு நேரம் நிக்குது எண்டு அப்பவே தெரிஞ்சிடும். மார்கழி மழைக்குள்ள ட்ரயல் பாத்தா அது ஆவணிக்குச் சரிவராது.

ட்ரயல் முடிஞ்ச உடனே ஏசிக்குள்ள கண்ணாடியைப் பாத்து நல்லாருக்கு எண்டு சொல்லிப்போட்டு வீட்ட வந்து கழுவுறதுதான் எல்லாரும் விடுற பிழை. கழுவாதீங்க. முடிஞ்ச உடனே வெளியில பகல் வெளிச்சத்தில ஒரு ஃபோட்டோ, ஃப்ளாஷ் போட்டு ஒரு ஃபோட்டோ எடுங்க. பிறகு ஓட்டோவில காத்து படப் போங்க, வீட்டில ஃபேனுக்குக் கீழ இருந்து சாப்பிடுங்க, ரெண்டு மணித்தியாலம் கழிச்சு அதே இடத்தில திரும்ப ஃபோட்டோ எடுங்க. சில ஃபவுண்டேஷன் போட்டு கொஞ்ச நேரத்தால நிறம் மாறி செம்மஞ்சளா கருக்கும், முதல் ஃபோட்டோவையும் ரெண்டாவதையும் பக்கத்தில வச்சா முகம் ஒரு நிறம் கழுத்து ஒரு நிறமாத் தெரியும். ஃப்ளாஷ் ஃபோட்டோவில கண்ணுக்குக் கீழயும் மூக்கிலயும் வெள்ளையாத் திட்டு விழுந்தா அது பவுடராலயோ வெயிலுக்குப் பூசுற கிறீமாலயோ வாறது, கலியாண அல்பத்தில அப்பிடியே விழும். ரெண்டையும் பியூட்டிஷனுக்குக் காட்டினா மாத்தலாம், அதுக்குத்தானே ட்ரயல். நல்லா வந்தா போட்ட ஃபவுண்டேஷன் போத்தலையும் அதின்ட ஷேட் நம்பரையும் ஃபோனில படம் எடுத்து வைங்க. ட்ரயலுக்கு நல்ல சாமானும் கலியாணத்தண்டைக்கு வேற சாமானும் எடுக்கிற ஆக்களும் இருக்கினம், படம் கையில இருந்தா அந்தப் பேச்சு வராது.

ட்ரயல் எண்டா எதெது எண்டும் முதலே கேளுங்க. சிலர் முகம் மட்டும்தான் செய்வினம், தலையும் சாரியும் கேட்டா வேற காசு. தங்கச்சிக்கு சாரி கட்டிப் பாக்கத் தேவையில்லை எண்டுதான் நான் சொல்லுவன், முகமும் தலையும் காணும், ஆனா கலியாணச் சாரி நிறத்தில ஒரு சால்வையாவது தோளில போட்டுக்கொண்டு இருக்கச் சொல்லுங்க, அரக்குச் சிவப்புக்குப் பொருந்துற உதட்டுச்சாயம் பச்சைக்குப் பொருந்தாது.

பயணக் காசுக்கு வருவம். டவுனில இருந்து நிலாவெளி ஒரு 15 கிலோமீட்டர்தான், உப்புவெளி தாண்டி நேர் ரோட்டு. 6,000 எண்டு சொல்லுறது எப்பிடி வருது எண்டா, வாகனம் விடிய கொண்டுபோய் விட்டிற்று வெறுமையாத் திரும்பி, பிறகு கூட்டிக்கொண்டு வர இன்னொருக்காப் போற கணக்கு, அதாவது நாலு ஓட்டம், 60 கிலோமீட்டர். ஆனா உங்கட கதையில அது பொருந்தாது. ஹோல் டவுனில. பியூட்டிஷன் விடிய நாலு மணிக்கு நிலாவெளிக்கு வருவா, பொம்பிளை ஏழரை மணிபோல வெளிக்கிட்டு டவுனுக்கு வரேக்க, கூறைக்கு நிக்கிறதெண்டா அவவும் ஹோலுக்கு வரத்தானே வேணும், உங்கட வானிலயே ஏறி வந்திடுவா. முடிஞ்சா ஓட்டோவில வீட்ட போயிடுவா. அப்ப குடுக்கவேண்டியது போற பக்கத்துக்கு மட்டும். இதைச் சொல்லிக் கேட்டா 6,000 பாதியா இறங்கும், ரெண்டு பேரிட்டயும்தான். வானில அவவுக்கும் பெட்டிக்கும் ஒரு சீட் வைக்க மட்டும் மறக்காதீங்க, பொம்பிளை வீட்டு வானில கடைசியில இடம் இல்லாமப்போறது பியூட்டிஷனுக்குத்தான், எனக்கு மடியில ஒரு வாழைக்குலையை வச்சுக்கொண்டு வந்த அனுபவமும் இருக்கு.

"நாங்களே வாகனம் அனுப்புறம், பயணக் காசு வேண்டாம்" எண்டும் பேசலாம், ஆனா விடிய மூண்டரைக்கு அந்த வாகனம் உண்மையில போகுமோ எண்டு யோசிச்சுப் பேசுங்க. அந்த நேரம் பூ எடுக்க ஒராள், ஐயரைக் கூட்ட ஒராள் எண்டு எல்லாம் ஓடும். டிரைவர் அரை மணித்தியாலம் பிந்தினா அது தங்கச்சியின்ட முகத்தில இருந்துதான் வெட்டுப்படும், பொம்பிளைக்கு ஆறுதலாச் செய்ய மூண்டு மணித்தியாலம் வேணும். 3,000 மிச்சம் பிடிக்க இதில விளையாடாதீங்க எண்டுதான் நான் சொல்லுவன். ஹோல் ரூமிலயே ட்ரெஸ் பண்ணினா பயணக் காசே இல்லை, ஆனா பொம்பிளை வீட்டில சாமி கும்பிட்டு வெளிக்கிடவேணும் எண்டு வீட்டில நிப்பினம், அதை நான் பேசேல்லை.

இனி அம்மாவுக்காக ஒரு வழி சொல்றன், ஏனெண்டா அம்மா பக்கேஜை விடமாட்டா. அந்தப் பாலரிட்ட போய் "நகை செட் வேண்டாம், 12,000 கழியுங்க" எண்டு கேட்டா கழிக்கமாட்டினம். நகை செட் அவங்கட அலுமாரியில சும்மா கிடக்கிற சாமான், நீங்க எடுக்காட்டியும் அவங்களுக்கு ஒரு சதமும் மிச்சம் இல்லை. அவங்களுக்கு உண்மையில செலவு எண்டா அண்டைக்கு ஆள் நிக்கிற நேரம்தான். அதால கழிக்கச் சொல்லாம மாத்தச் சொல்லுங்க: நகையும் ஒரு ஃபேஷியலும் ஹெயார் ட்ரீட்மென்டும் மருதோண்டியும் வேண்டாம், அதுக்குப் பதிலா கூறைக்கு ஒராள் நிக்கட்டும், அம்மாவையும் கட்டிவிடுங்க எண்டு. ரெண்டு ட்ரீட்மென்டுக்குப் போற க்ரீமும் வேலைநேரமும் மருதோண்டி போடுற பிள்ளையின்ட கூலியும் மிஞ்சுறதால இதுக்குச் சம்மதிப்பினம், முழுக்கச் சம்மதிக்காட்டியும் பாதிக்காவது வருவினம். அப்பிடி முடிஞ்சா 85,000ஓட பயணத்துக்கு 3,000, மொத்தம் 88,000. அதே வேலையை அந்தப் பாலர்லயே தனித்தனியா எடுத்தா 75,500ஓட கூறை, அம்மா, பயணம் சேத்து 92,500. இப்ப பக்கேஜ் லாபமாயிற்று, பாத்தீங்களோ. மாத்த ஏலாது எண்டு நிண்டா பக்கேஜ் வேண்டாம்.

மற்ற அக்கா பயணத்தில இறங்கினா 73,500. 88,000க்கும் அதுக்கும் 14,500 வித்தியாசம். அந்தக் காசுக்கு பாலர்ல என்ன கிடைக்கும் எண்டா, மேடத்துக்குக் காய்ச்சல் வந்தாலும் இன்னொராள் வரும், வேலைக்கு ரெண்டு கை இருக்கும், அம்மாவும் தங்கச்சியும் ஒரே நேரத்தில முடியும். தனியாச் செய்யுற ஆளிட்ட அது இல்லை, எனக்கும் இல்லை, நான் அதுக்காக ஒரு சிநேகிதியின்ட பேரைச் சொல்லித்தான் புக்கிங் எடுக்கிறனான். அதால மற்ற அக்காட்ட "உங்களுக்கு ஏலாமப்போனா ஆர் வருவினம்" எண்டு கேளுங்க. ஒரு ஆளின்ட பேரைச் சொன்னா, ட்ரயலும் சரிவந்தா, நான் உங்கட இடத்தில இருந்தா அவவைத்தான் பிடிப்பன். "எனக்கு ஒண்டும் வராது" எண்டு சிரிச்சா பாலருக்குப் போங்க.

ஆரைப் பிடிச்சாலும் பேசினதை அண்டைக்கே வாட்ஸ்அப்பில எழுதி அனுப்புங்க, ஃபோனில பேசினது நிக்காது. இப்பிடிப் போட்டாக் காணும்: "ஆவணி இத்தனையாம் தேதி, விடிய 4 மணிக்கு நிலாவெளி வீட்டுக்கு வாறது, பொம்பிளைக்கு மேக்கப், தலை, சாரி, ஹோலில கூறை மாத்தும் வரைக்கும் நீங்களே நிக்கிறது, அம்மாவுக்கு சாரியும் தலையும், பயணம் போறதுக்கு மட்டும், ட்ரயல் காசு கழிச்சு மொத்தம் இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு." அவ ஓம் எண்டு பதில் போட்ட பிறகு அட்வான்ஸைப் போடுங்க. மிச்சக் காசை ஒரு என்வலப்பில போட்டு சித்தியிட்டயோ ஆரிட்டயோ குடுத்து வைங்க, அம்மாட்ட வேண்டாம், அம்மா அண்டைக்கு ஹாண்ட்பேக்கை எங்க வச்சன் எண்டு தேடிக்கொண்டு நிப்பா. தங்கச்சி கூறையோட மணவறைக்கு ஏறின பிறகு சித்தி குடுக்கட்டும்.